போனில் ஓடுகிறது, டிவியில் திக்குகிறது

கோவையில் இருக்கும் பெரியம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டார். "கண்ணு, நெட்டை நூறு எம்பிக்கு மாத்தியாச்சு. முன்னாடி நாப்பதுதான் இருந்துச்சு. மாத்தியும் டிவியில திக்கித் திக்கித்தான் வருது. அந்த நெட்காரரு தம்பி வந்து பாத்துட்டு, ஸ்பீடெல்லாம் சரியா இருக்குதும்மான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. நீ ஒரு எட்டு வந்து பாரு."

"எந்த வீடியோங்க பெரியம்மா?" என்று கேட்டேன்.

"நம்ம பாப்பா ஆடுனதுதான். அவ வாட்ஸப்புல அனுப்புனா. போன்லயே இருக்குது. போன்ல பாத்தா நல்லா ஓடுது, டிவிக்குப் போட்டா நின்னு நின்னு போகுது."

"போன்லயே இருக்குது" என்று அவர் சொன்னதிலேயே பாதி விடை இருந்தது. வீடியோ போனுக்குள் இறங்கிவிட்டது. டிவி பத்தடி தள்ளிச் சுவரில் தொங்குகிறது. இந்தப் பத்தடிக்கு நடுவில் இன்டர்நெட்டே கிடையாது. வீதியிலிருந்து வீட்டுக்கு வரும் குழாயைப் பெரிதாக்கினால், சமையலறையில் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு ஊற்றும் வேகம் கூடுமா? நாற்பதை நூறாக்கியதும் அப்படித்தான். மாதாமாதம் கூடுதல் பணம் போகிறது, திக்கல் அப்படியே இருக்கிறது.

வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் தொழில். மிரரிங் திக்குகிறது என்று என்னைக் கூப்பிடும் வீடுகளில் பாதிக்கு மேல் முதலில் செய்திருப்பது பிளானை மாற்றுவதுதான். அடுத்தது ரவுட்டரை மாற்றுவது. சிலர் டிவியையே மாற்றியிருக்கிறார்கள். பழுது எந்தப் பாதையில் என்று யாரும் பார்ப்பதில்லை. அதைப் பார்க்க ஒரு கால் மணி நேரம் போதும்.

மிரரிங் போட்டதும் போன் என்ன செய்கிறது? தன் திரையில் தெரிவதைத் தானே செகண்டுக்கு முப்பது தடவையோ அறுபது தடவையோ படம் பிடிக்கிறது. பிடித்ததைச் சுருக்கி, காற்றில் டிவிக்கு அனுப்புகிறது. டிவி அதை விரித்துக் காட்டுகிறது. முப்பது படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 33 மில்லிசெகண்ட். அதற்குள் அடுத்த படம் வந்து சேராவிட்டால் டிவி பழைய படத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும். நம் கண்ணுக்கு அது திக்கலாகத் தெரியும்.

"யூடியூப் மட்டும் டிவியில் அருமையாக ஓடுகிறதே?" என்று எல்லோரும் கேட்பார்கள். டிவியில் உள்ள யூடியூப் மூட்டை அரிசி வாங்கி வைத்திருக்கும் வீடு மாதிரி. ஓடிக்கொண்டிருக்கும் இடத்துக்கு முன்னால் பல செகண்டுகளுக்கு வேண்டியதை அது வாங்கிச் சேர்த்து வைத்திருக்கும். நடுவில் மூன்று செகண்ட் சிக்னல் போனாலும் நமக்குத் தெரியாது. மிரரிங் அன்றாடம் அரிசி வாங்கிச் சமைக்கிற வீடு. போனில் விரலால் தள்ளினால் டிவியில் உடனே நகர வேண்டும் என்பதால், அது ஒரு செகண்டில் சிறு பங்கு அளவுக்குத்தான் சேமித்து வைக்க முடியும். கடை ஒரு நேரம் பூட்டியிருந்தாலும் அடுப்பு எரியாது. ஆகவே சராசரி வேகம் எவ்வளவு என்பது இங்கே இரண்டாம்பட்சம். ஒவ்வொரு துண்டும் நேரத்துக்கு வந்ததா என்பதுதான் கணக்கு.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். சில நேரம் படம் நிற்காது. கட்டம் கட்டமாகச் சிதறி, முகத்தின் மேல் புடவை நிறம் வழிந்து, ஓரிரு செகண்டில் தானே தெளியும். சுருக்கும்போது போன் ஒவ்வொரு முறையும் முழுப் படத்தை அனுப்புவதில்லை. ஒரு முழுப் படத்தை அனுப்பிவிட்டு, அதன் பிறகு "இந்த இடம் மட்டும் இப்படி மாறியது" என்று மாற்றங்களை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு துண்டு தொலைந்தால், அதன் மேல் வரும் மாற்றங்கள் எல்லாம் தப்பான இடத்தில் விழும். அடுத்த முழுப் படம் வரும்வரை அந்த அலங்கோலம் இருக்கும். ஆக, படம் நின்றால் துண்டு தாமதமாக வந்திருக்கிறது. படம் சிதறினால் துண்டு தொலைந்தே போயிருக்கிறது. டிவியைப் பார்த்தே இந்த அளவுக்குச் சொல்லிவிடலாம்.

இனி பாதை. போனிலிருந்து டிவிக்குப் போக இரண்டு வழி உண்டு. எந்த வழியில் போகிறது என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது.

முதல் வழியில் ரவுட்டருக்கு வேலையே இல்லை. மிராகாஸ்ட் என்பது அதன் பெயர். வைஃபை அலையன்ஸ் 2012-ல் கொண்டுவந்த முறை இது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயரில் தருவது பெரும்பாலும் இதைத்தான். இதில் போனும் டிவியும் வைஃபை டைரக்ட் என்ற முறையில் தங்களுக்குள் தனியாக ஒரு சின்ன வைஃபையை உண்டாக்கிக்கொண்டு நேருக்கு நேர் பேசும். இரண்டாவது வழியில் போன் ரவுட்டருக்கு அனுப்பும், ரவுட்டர் டிவிக்கு அனுப்பும். கூகுள் காஸ்ட் மூலம் திரையை அனுப்பும்போது இந்த வழிதான். வீட்டு வைஃபையில் இருக்கும் ஐபோனின் ஏர்பிளேயும் பொதுவாக இப்படித்தான் போகும். ஐபோனில் மிராகாஸ்ட் கிடையாது.

எது உங்கள் வழி என்று கண்டுபிடிப்பது எளிது. ரவுட்டரை அணைத்துவிட்டு மிரரிங் போட்டுப் பாருங்கள். டிவியின் பெயர் அப்போதும் போனில் தெரிந்து, படமும் வந்தால் நேர்வழி. பெயரே தெரியவில்லை என்றால் ரவுட்டர் வழி.

பெரியம்மா வீட்டில் ரவுட்டரை அணைத்தேன். படம் வந்தது. நேர்வழி. அதுமட்டுமல்ல, ரவுட்டர் அணைந்திருந்த அந்த இரண்டு நிமிடமும் பாப்பா தடங்கல் இல்லாமல் ஆடினாள். பெரியம்மா, "அட, சரியாயிருச்சே!" என்றார். ரவுட்டரைத் திரும்பப் போட்டேன். ஒரு நிமிடத்தில் போன் அதோடு சேர்ந்தது. ஜதிக்கு ஒரு அதிர்வாகத் திக்கல் திரும்பிவிட்டது.

நேர்வழியில் ரவுட்டருக்கு வேலையே இல்லை என்றேன். அப்படியிருக்க, ரவுட்டரைப் போட்டதும் ஏன் திக்க வேண்டும்? இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நேர்வழி மிரரிங்கில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான்.

என்னிடம் இருந்த இன்னொரு போனில் வைஃபை சேனல்களைக் காட்டும் ஒரு செயலியைத் திறந்தேன். இப்படிப்பட்ட செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. சுற்றிலும் உள்ள வைஃபைகளின் பெயரையும், ஒவ்வொன்றும் எந்தச் சேனலில் இருக்கிறது என்பதையும் காட்டும். அந்தப் பட்டியலில் `DIRECT-` என்று தொடங்கும் ஒரு பெயர் இருந்தது. மிரரிங் போடும்போது மட்டும் முளைத்து, நிறுத்தினால் மறையும் பெயர். போனும் டிவியும் உண்டாக்கிக்கொண்ட அந்தச் சின்ன வைஃபைதான் அது. அது 2.4 கிகாஹெர்ட்ஸில் 6-ம் சேனலில் இருந்தது. பெரியம்மாவின் டிவிக்கு 2.4 மட்டும்தான் தெரியும். விலை குறைந்த டிவிகள் பலவற்றில் இப்படித்தான். அவருடைய போனோ வீட்டு ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில், 36-ம் சேனலில் சேர்ந்திருந்தது.

பல போன்களில் வைஃபைக்கு உள்ள ரேடியோ ஒரே நேரத்தில் ஒரு சேனலில்தான் இருக்க முடியும். விலை கூடிய சில போன்கள் இரண்டு பேண்டிலும் ஒரே சமயத்தில் பேசும். பெரியம்மாவுடையது அந்த ரகம் அல்ல. ஆகவே அது என்ன செய்கிறது? கொஞ்ச நேரம் 6-ம் சேனலுக்கு வந்து டிவிக்குப் படம் கொடுக்கிறது. பிறகு 36-ம் சேனலுக்கு ஓடி ரவுட்டரிடம் "எனக்கு ஏதாவது வந்திருக்கிறதா?" என்று கேட்கிறது. மறுபடி டிவிக்கு ஓடி வருகிறது. இரண்டு வீட்டில் வேலை பார்க்கிற அம்மா மாதிரி, இங்கே இருக்கும்போது அங்கே அடுப்பு காத்திருக்கிறது. ரவுட்டர் பக்கம் வேலை குறைவாக இருந்தால் ஓட்டமும் குறைவு, படமும் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். ரவுட்டர் பக்கம் வேலை கூடும்போதுதான் வினை. அங்கே சில பத்து மில்லிசெகண்ட் நின்றாலே, 33 மில்லிசெகண்டுக்கு ஒரு படம் என்ற கணக்கு தப்பிவிடுகிறது.

அப்படி என்ன வேலை ரவுட்டர் பக்கம் என்று போனைப் பார்த்தேன். மேலிருந்து திரையை இழுத்ததும் தெரிந்தது. புகைப்படங்களையும் வீடியோக்களையும் இணையத்தில் சேமிக்கும் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தது. பாப்பாவின் அரங்கேற்றத்திலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட வீடியோக்கள் வந்திருந்தன. வைஃபை கிடைத்ததும் போன் அவற்றை ஒவ்வொன்றாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. பெரியம்மா எந்த வீடியோவைப் பார்க்க உட்கார்ந்தாரோ, அந்த வீடியோவையும் போன் அதே நேரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தது. நூறு எம்பி பிளான் இதற்கு உதவாது. ரேடியோ ஒன்றுதான் என்ற இடத்தில் சிக்கல் இருக்கிறது.

அடுத்து, போனை ரவுட்டரின் 5-லிருந்து 2.4 வைஃபைக்கு மாற்றிச் சேர்த்தேன். மிரரிங் போட்டதும் செயலியில் `DIRECT-` பெயர் வீட்டு வைஃபை இருந்த அதே சேனலிலேயே வந்து உட்கார்ந்தது. போன்கள் பொதுவாக ஏற்கெனவே இருக்கும் சேனலிலேயே இந்த நேர் இணைப்பை வைத்துக்கொள்ளப் பார்க்கும், ஓட்டம் மிச்சம். அந்தச் சீரான அதிர்வு நின்றுவிட்டது. ஆனால் வேறொரு நோய் தெரிந்தது. இப்போது படம் அவ்வப்போது சிதறியது, ஒழுங்கே இல்லாமல். காரணம் அடுக்குமாடி. அந்தச் சேனலில் மட்டும் அக்கம்பக்கத்து வைஃபைகள் ஒன்பது இருந்தன.

2.4-ல் நம் ஊரில் 1 முதல் 13 வரை சேனல் எண்கள் உண்டு. பதின்மூன்று தனித்தனி அறைகள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு வைஃபை ஏறத்தாழ நான்கு சேனல் அகலத்தை அடைத்துக்கொள்ளும். ஒன்றையொன்று இடிக்காமல் இருக்கக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்றுதான். ஒரு மாடிக்கு நான்கு வீடு, மேலும் கீழும் மாடிகள் என்றால் இந்த மூன்று இடத்துக்குள்தான் அத்தனை பேரும் அடங்க வேண்டும். வைஃபையில் ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். மற்றவர் பேசுவது கேட்டால் காத்திருக்க வேண்டும். இருவர் ஒரே கணத்தில் தொடங்கிவிட்டால் இரண்டும் வீண். மறுபடி அனுப்ப வேண்டும். சில தடவை முயன்றும் போய்ச் சேராத துண்டைப் போன் விட்டுவிடும். அதுதான் டிவியில் சிதறலாகத் தெரிவது. மாலை ஏழு மணிக்கு மேல் மிரரிங் மோசமாகி, விடியற்காலையில் நன்றாக இருந்தால் இந்தக் கூட்ட நெரிசல்தான் என்று தயங்காமல் சொல்லலாம்.

2.4-க்குள் புளூடூத்தும் இருக்கிறது. பெரும்பாலான போன்களில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சிப்பில் இருக்கும், நேரத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். காதில் மாட்டும் புளூடூத் இயர்போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால், 2.4-ல் போகும் மிரரிங்குக்கு அந்த அளவு நேரம் குறையும். மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. காபி சூடாகும் அந்த ஒரு நிமிடம் மட்டும் படம் தடுமாறினால் காரணத்தைத் தேடி அலைய வேண்டாம்.

ரவுட்டர் வழியில் மிரரிங் போகும் வீடுகளின் கதை வேறு. சென்னையில் ஒரு நண்பர் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். போன் ஹாலில், டிவியும் ஹாலில், ரவுட்டர் மட்டும் கடைசி படுக்கையறையில், இரண்டு சுவருக்கு அப்பால். ஃபைபர் கம்பி அந்தப் பக்கத்து ஜன்னல் வழியாக வந்ததால் அங்கேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். போனும் டிவியும் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தும், படம் இரண்டு சுவரைத் தாண்டிப் போய், அதே இரண்டு சுவரைத் தாண்டித் திரும்பி வந்துகொண்டிருந்தது. இரண்டும் 2.4-ல் இருந்ததால், ஒரே துண்டு ஒரே சேனலில் இரண்டு முறை காற்றில் பறந்தது.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முழு எச்டி மிரரிங்குக்குச் சுமார் 8 எம்பிபிஎஸ் என்று வையுங்கள். போனிலிருந்து ரவுட்டருக்கு 8, ரவுட்டரிலிருந்து டிவிக்கு 8. போனில் ஓடுவது இணையத்திலிருந்து வரும் படம் என்றால் அது ரவுட்டரிலிருந்து போனுக்கு வர இன்னொரு 5. ஆக 21. ரவுட்டர் பெட்டியில் 300 என்று அச்சடித்திருக்கும். ஆனால் ஒற்றை ஆண்டெனா உள்ள டிவி, பழைய 'என்' வகை வைஃபையில், ஒரு சாதாரணச் சேனலில் ஆகக் கூடினால் 72-ல்தான் பேசும். அதிலும் உருப்படியாகப் படத்துக்குக் கிடைப்பது பாதிக்குப் பக்கம். அது பக்கத்தில் இருந்தால். இரண்டு கான்கிரீட் சுவருக்கு அப்பால் சிக்னல் மெலிந்ததும், வார்த்தை புரிய வேண்டும் என்பதற்காக டிவியும் ரவுட்டரும் மெதுவாகப் பேசத் தொடங்கும், 13-க்கு இறங்கிவிடும். 13-ல் பேசுகிறவருக்கு 8 எம்பிபிஎஸ் அனுப்பவே ஏறத்தாழ முழு நேரமும் ஆகிவிடுகிறது. மிச்ச 13 எம்பிபிஎஸ்ஸுக்குக் காற்றில் இடமே இல்லை. மெதுவாகப் பேசுகிற ஒருவர், தான் கெடுவதோடு அந்தச் சேனலில் உள்ள எல்லோருடைய நேரத்தையும் தின்றுவிடுகிறார்.

அந்த வீட்டில் லேப்டாப்பை ஹாலில் டிவி பக்கத்தில் வைத்து, 2.4 வைஃபையில் சேர்த்து, ரவுட்டருக்கு நூறு முறை குரல் கொடுத்துப் பார்த்தேன். விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து இப்படித் தட்ட வேண்டும்:

```
ping -n 100 192.168.1.1
```

கடைசி எண் ரவுட்டரின் முகவரி. உங்கள் வீட்டில் வேறாக இருக்கலாம், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு வரியிலும் `time=` என்ற இடத்தைப் பாருங்கள். நல்ல வைஃபையில் வரிசையாக 2, 3, 5 மில்லிசெகண்ட் என்று போகும். அங்கே 4, 3, 6, 180, 5, 240, 4 என்று வந்தது. இரண்டு இடத்தில் `Request timed out.` என்றும் வந்தது. கடைசியில் அது காட்டும் சராசரியைப் பார்த்து ஏமாறக் கூடாது. நூறில் தொண்ணூறு நன்றாக இருந்தால் சராசரி அழகாகவே இருக்கும். திக்கவைப்பது அந்த 180-ம் 240-ம்தான். 240 மில்லிசெகண்டில் ஏழு படம் வந்திருக்க வேண்டும். ஸ்பீடு டெஸ்ட்டில் இது தெரியாமல் போவதும் இதனால்தான். அது பெரிதாகக் காட்டுவது, பல செகண்டுகளில் மொத்தம் எவ்வளவு வந்தது என்ற கணக்கை.

நண்பர் வீட்டில் ரவுட்டரிலிருந்து டிவிக்கு ஒரு லேன் கம்பி இழுத்தோம். டிவியின் லேன் துளை நூறு எம்பிபிஎஸ் ரகம்தான். எட்டு எம்பிபிஎஸ் போவதற்கு அது ராஜபாட்டை. அந்த ஒரு கம்பியால் காற்றில் போகும் இரண்டு பயணத்தில் ஒன்று முழுதாகக் குறைந்தது. போனை 5 வைஃபைக்கு மாற்றியதும் மிச்சமிருந்த பயணமும் நெரிசலிலிருந்து வெளியே வந்தது. கம்பி இழுக்க வழியில்லாத வீட்டில், ரவுட்டரையாவது ஹாலுக்குக் கொண்டு வரலாம். அதுவும் முடியாவிட்டால் போனை 5-லும் டிவியை 2.4-லும் சேருங்கள். ரவுட்டரில் இரண்டுக்கும் தனித்தனி ரேடியோ உண்டு என்பதால், ஒரே சேனலில் இரட்டைப் பயணம் என்ற சுமையாவது நீங்கும். 5-க்குச் சுவரைத் துளைக்கும் சக்தி குறைவு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கண்ணுக்கு எதிரே ரவுட்டர் தெரியும் இடத்தில் அது ராஜா. மூன்று சுவருக்கு அப்பால் 2.4 எவ்வளவோ மேல்.

ரவுட்டர் வழிக்காரர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் யூடியூப் படத்தின் மூலையில் காஸ்ட் பொத்தான் இருந்தால் அதையே அழுத்துங்கள், திரையை மிரர் செய்யாதீர்கள். பொத்தானை அழுத்தினால் போன் "இந்தப் படத்தைப் போடு" என்று சொல்வதோடு விலகிக்கொள்ளும். டிவியே இணையத்திலிருந்து நேராக எடுத்துக்கொண்டு மூட்டை அரிசி சேர்த்துக்கொள்ளும். வெளியிலிருந்து தெரிவதற்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும், காற்றில் 21 போன இடத்தில் 5 மட்டும் போகும்.

எல்லாத் திக்கலும் நெட்வொர்க்கால் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். போன் திரையிலேயே படம் தடுமாறினால் கோளாறு போனில்தான். அடுப்பு மாதிரிச் சுடும் போன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கழற்றி, ஆறவிட்டுப் பாருங்கள். போனை டிவிக்கு மூன்றடியில் வைத்து, புளூடூத்தை அணைத்து, ரவுட்டர் தொடர்பையும் துண்டித்த பிறகும் டிவி திக்கினால், படத்தை விரிக்கும் வேலைக்கு டிவியின் சிப் ஈடுகொடுக்கவில்லை என்று பொருள். அங்கே நெட்வொர்க்காரரால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை.

பெரியம்மா வீட்டுக்குத் திரும்புவோம். அவருக்கு இரண்டு தேவைகள். ஒன்று, போனுக்கு வந்துவிட்ட வீடியோக்களைப் பெரிதாகப் பார்ப்பது. அதற்கு மிரரிங்கே வேண்டாம் என்று சொன்னேன். போனிலும் டிவியிலும் செருகக்கூடிய ஒரு பென் டிரைவில் வீடியோக்களை ஏற்றி டிவியின் பின்னால் செருகிக் கொடுத்தேன். காற்றும் இல்லை, சேனலும் இல்லை. முழு அரங்கேற்றமும் ஒரு சொட்டு சிந்தாமல் ஓடியது.

இரண்டாவது தேவைக்கு இந்த வழி கிடையாது. ஞாயிறு தோறும் வெளிநாட்டிலிருந்து பாப்பா வீடியோ காலில் வருவாள். "சின்ன போன்ல அவ முகமே தெரியறதில்ல கண்ணு. டிவியில பாத்தா பக்கத்துல உக்காந்த மாதிரி இருக்குது." அதற்கு மிரரிங் வேண்டும், இணையமும் வேண்டும். ஒரே ரேடியோ இரண்டு இடத்துக்கும் ஓடினால் திக்கல் திரும்பிவிடும். ஆனால் போனில் இன்னொரு ரேடியோ இருக்கிறது, சிம்முக்கு உள்ளது. ஆகவே இப்படி ஏற்பாடு செய்தேன். வைஃபை அணைக்கப்படவில்லை, அணைத்தால் மிரரிங் போய்விடும். வைஃபை ஆன் ஆகவே இருக்க, வீட்டு ரவுட்டரோடு உள்ள தொடர்பை மட்டும் துண்டித்து, தானாகச் சேராதபடி வைத்தேன். மொபைல் டேட்டா ஆன். இப்போது வீடியோ கால் சிம் வழியாக வருகிறது. வைஃபை முழுக்க டிவிக்கே.

ரவுட்டர் தொடர்பைத் துண்டிக்க, வைஃபை பட்டியலில் உங்கள் வைஃபை பெயரைத் தொட்டால் சில போன்களில் `Disconnect` இருக்கும், சிலவற்றில் `Auto reconnect` என்ற சுவிட்ச் இருக்கும். வேறு சிலவற்றில் `Forget` மட்டுமே இருக்கும். அதை அழுத்துவதற்கு முன் பாஸ்வேர்டைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முடித்ததும் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். வைஃபை பட்டியல் திறந்திருக்கும்வரை, புதிதாக யாராவது வந்திருக்கிறார்களா என்று போன் சில செகண்டுக்கு ஒரு முறை எல்லாச் சேனலையும் சுற்றிவந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் டிவியில் ஒரு நிறுத்தம். கடிகாரம் வைத்தாற்போல் இடைவெளி விட்டுப் படம் நின்றால், முதலில் இந்தப் பட்டியல் திறந்து கிடக்கிறதா என்று பாருங்கள்.

அன்று சாயங்காலம் பாப்பா அழைத்தாள். 6-ம் சேனலில் அக்கம்பக்கத்து நெரிசல் அப்படியேதான் இருந்தது. அரை மணி நேரத்தில் மூன்று நான்கு தடவை படம் சிதறித் தெளிந்தது. அது போகாது, 2.4 மட்டும் தெரிந்த டிவி இருக்கும்வரை அதோடு வாழ வேண்டியதுதான். அந்தச் சீரான திக்கல் மட்டும் திரும்பவே இல்லை. பேக்கப் வேலையை இரவில் சார்ஜ் ஏறும்போது மட்டும் ஓடும்படி மாற்றி வைத்துவிட்டேன்.

மறுநாள் நெட்காரரைக் கூப்பிட்டு, பிளானைப் பழையபடி நாற்பதுக்கே மாற்றச் சொல்லிவிட்டார் பெரியம்மா. உங்கள் வீட்டிலும் டிவியில் படம் திக்கினால், பணம் கட்டுவதற்கு முன் ரவுட்டரை இரண்டு நிமிடம் அணைத்துவிட்டு, போனிலேயே இருக்கும் ஒரு வீடியோவை மிரரிங்கில் போட்டுப் பாருங்கள்.